இருப்பில் உள்ள தகட்டை எந்த விலையில் கணக்கிடுவது? மறுகொள்முதல், மறுவிற்பனை, மாற்றுப் பயன்: ஓர் ஒப்பீடு

உணவகங்களுக்கு எஃகு மேசைகளும் அடுக்குத் தட்டுகளும் செய்து கொடுக்கும் சிறு பட்டறை ஒன்றைச் சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் நடத்தும் தமிழர் ஒருவருக்குப் புதிய வேலை ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கடலோரத்தில் இருக்கும் கடலுணவு உணவகம் ஒன்று, உயிர் மீன் தொட்டிகளுக்கான தாங்கிகளையும் அவற்றை ஒட்டிய வேலை மேசைகளையும் செய்து தருமாறு கேட்கிறது. அது தர முன்வரும் விலை 13,200 வெள்ளி. வேலைக்கு வேண்டிய பொருள்கள் எல்லாம் ஏற்கெனவே பட்டறையின் கிடங்கில் இருக்கின்றன. அவற்றை வாங்கிய விலையும் ஏட்டில் இருக்கிறது. அந்த விலையை அப்படியே எடுத்துப் போட்டால் வேலை நட்டத்தில் முடியும் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் அந்தக் கணக்கு, முடிவெடுப்பதற்கு உரிய கணக்கு அன்று.

வாங்கிய விலை ஏன் பயன்படாது என்பதில் அதிகக் குழப்பம் இல்லை. அந்தப் பணம் போய்விட்டது. இந்த வேலையை ஏற்றாலும் மறுத்தாலும் அது திரும்பி வராது. இரண்டு வழிகளிலும் மாறாமல் நிற்கும் ஒரு தொகை, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உதவாது. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வாங்கிய விலையைத் தள்ளிவிட்டால் அதன் இடத்தில் எதை வைப்பது? இன்று மீண்டும் வாங்க ஆகும் மறுகொள்முதல் செலவையா, இன்று விற்றால் கையில் நிற்கும் மறுவிற்பனை மதிப்பையா, அல்லது வேறொரு வேலையில் பயன்படுத்தினால் மிச்சமாகும் தொகையையா? பாடப் புத்தகங்கள் இம்மூன்றையும் ஒரு வரைபடத்தில் அடுக்கிக் காட்டும். ஆனால் மூன்று விலைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்றைப் பொறுக்கி எடுப்பது என் பார்வையில் தலைகீழான வேலை. அந்தப் பொருள் அடுக்கிலிருந்து எடுக்கப்பட்டால் அதன் விளைவாகப் பட்டறையில் என்ன நடக்கும் என்று முதலில் கேட்க வேண்டும். புதிதாகக் கொள்முதல் ஆணை போகுமா, விற்றிருக்கக்கூடிய ஒன்று விற்கப்படாமல் போகுமா, அல்லது வேறொரு வேலைக்கு வேறு பொருள் வாங்க வேண்டி வருமா? நடக்கப்போவது எதுவோ, அதன் பணமதிப்பே அந்தப் பொருளின் செலவு.

இந்த வேலைக்கு மூன்று வகைப் பொருள்கள் வேண்டும். 1.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள 304 வகை துருப்பிடிக்காத எஃகுத் தகடு 30, 1.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள 316 வகைத் தகடு 16, கரைப்பான் கலந்த ஒட்டுப் பசை 6 டின். கீழே வரும் விலைகள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. அவற்றைச் சந்தை விலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அன்றாடம் புழங்கும் தகடு

304 வகைத் தகடு இந்தப் பட்டறையில் தினமும் வெட்டப்படுகிறது. இருப்பில் உள்ளவற்றை வாங்கியது தலா 118 வெள்ளிக்கு. இப்போது விநியோகிப்பாளர் சொல்லும் விலை 136. இந்த வேலைக்கு 30 தகடுகளை எடுத்தால், மற்ற வேலைகளுக்காக அதே 30 தகடுகளை மீண்டும் வாங்கியாக வேண்டும். எனவே வெளியே போகும் பணம் 30 முறை 136, அதாவது 4,080 வெள்ளி. ஏட்டில் உள்ள 3,540 வெள்ளியைப் போட்டால், தகடு ஒன்றுக்கு 18 வெள்ளியை வாடிக்கையாளருக்குச் சும்மா கொடுத்ததாகிவிடும்.

இங்கே மறுவிற்பனை மதிப்பைப் பற்றிப் பேசத் தேவையே இல்லை. அதே தகட்டை வேறொரு பட்டறைக்கு 100 வெள்ளிக்கு விற்கலாம் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் தனக்குத் தினமும் வேண்டியதை 100-க்கு விற்று 136-க்குத் திரும்ப வாங்கும் முதலாளி யாரும் இல்லை. நடக்காத ஒன்றின் மதிப்புக்குக் கணக்கில் இடம் இல்லை.

ஆனாலும் மறுகொள்முதல் செலவு என்பது இன்று தொலைபேசியில் சொல்லப்படும் விலைதானா என்பதைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். உண்மையில் அது, மீண்டும் வாங்கப்போகும் நாளில் கொடுக்க வேண்டியிருக்கும் விலை. 304 வகையில் ஏறத்தாழ 8 விழுக்காடும், 316 வகையில் ஏறத்தாழ 10 விழுக்காடும் நிக்கல் இருப்பதால், தகட்டின் விலை நிக்கலின் விலையோடு சேர்ந்து ஆடுகிறது. 2022 மார்ச் 8 அன்று லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் ஒரு டன்னுக்கு ஒரு லட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டியபோது, வணிகத்தையே நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. அந்த அளவு குலுக்கல் அரிதுதான். ஆனாலும் விலைப்புள்ளியை இரண்டு மாதத்துக்குத் திறந்து வைத்திருப்பவர், இன்றைய விலையில் மறுகொள்முதலைக் கணக்கிட்டுவிட்டு ஆணை உறுதியான பிறகு கூடுதல் விலையில் வாங்கினால், கணக்கு சரியாக இருந்தும் பணம் குறையும். விலைப்புள்ளி செல்லுபடியாகும் நாள்களை விநியோகிப்பாளர் தரும் விலையின் நாள்களோடு பொருத்திக்கொள்வதே இதற்கு எளிய காப்பு.

வரியைப் பற்றி ஒரு சொல். பொருள் சேவை வரி 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு. வரிக்குப் பதிவு செய்துகொண்ட பட்டறை, கொள்முதலில் கட்டிய வரியைத் திரும்பக் கோரலாம் என்பதால் அது செலவில் சேராது. பதிவு செய்யாத சிறு பட்டறைக்கு அது முழுச் செலவு. ஆகவே அவர்களின் மறுகொள்முதல் செலவு, விநியோகிப்பாளர் சொல்லும் வரிக்கு முந்திய விலையை விட 9 விழுக்காடு கூடுதல். இங்குள்ள எண்கள் எல்லாம் பதிவு செய்த பட்டறைக்கு உரியவை.

இரத்தான வேலையில் மிஞ்சிய தகடு

ஒப்பீடு உண்மையில் தேவைப்படுவது 316 வகைத் தகட்டுக்குத்தான். 304-ஐ விட இதில் கூடுதலாக இருப்பது சுமார் 2 விழுக்காடு மாலிப்டினம். உப்பிலுள்ள குளோரைடு எஃகின் மேற்பரப்பைத் துளைத்துக் குழி விழச் செய்வதை அது பெருமளவு தடுக்கிறது. உப்பு நீர் வழியும் மீன் தொட்டித் தாங்கிக்கு 316 கேட்கப்படுவதற்குக் காரணம் இதுவே. சாதாரண உணவகச் சமையலறைக்கு 304 போதும் என்பதால், இந்தப் பட்டறை 316-ஐ வழக்கமாக வாங்குவதில்லை. முன்பு ஒரு வாடிக்கையாளருக்காகத் தலா 260 வெள்ளிக்கு வாங்கி, அந்த வேலை இரத்தானதால் 20 தகடுகள் கிடங்கிலேயே தங்கிவிட்டன. இன்று வாங்கினால் ஒரு தகடு 290 வெள்ளி.

இந்த வேலைக்கு 16 தகடுகளை எடுத்தால் என்ன ஆகும்? கிடங்குப் பொறுப்பாளர் மறுபடியும் 316 வாங்கப் போவதில்லை. எனவே 290 என்ற எண், இந்த 16 தகடுகளைப் பொறுத்தவரை, நடக்காத கொள்முதலின் விலை. அதை விலைப்புள்ளியில் போட்டால் பொருள் செலவு 4,640 வெள்ளியாகி, கிடைக்க வேண்டிய வேலை கைநழுவும். மறுகொள்முதல் செலவைப் பாதுகாப்பான எண் என்று கருதி எல்லா இடத்திலும் போடும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அது பாதுகாப்பானது போலத் தோன்றுவதற்குக் காரணம், இழந்த வேலைகள் எந்த ஏட்டிலும் பதிவாகாததுதான்.

மீண்டும் வாங்கப்போவதில்லை என்றால், மிச்சமிருப்பவை இரண்டு வழிகள். முதலாவது, விற்றுவிடுவது. சுங்கை காடுட்டில் உள்ள உலோக வணிகர் ஒருவர் தகடு ஒன்றுக்கு 155 வெள்ளி தரத் தயார். ஆனால் தகடுகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பட்டறையின் பொறுப்பு. லாரிக்கு 120 வெள்ளி ஆகும். மறுவிற்பனை மதிப்பு என்று சொல்லும்போது கையில் நிற்கும் தொகையைத்தான் சொல்ல வேண்டும். வாங்குபவர் வாயால் சொன்ன விலை அது ஆகாது. ஆலைச் சான்றிதழ் இருக்கிறதா என்பதும் இங்கே பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். 304-ஐயும் 316-ஐயும் கண்ணால் பார்த்தோ காந்தம் வைத்தோ பிரித்தறிய முடியாது. மாலிப்டினத்தைக் காட்டும் சோதனைத் திரவமோ, கையடக்க அலசல் கருவியோ வேண்டும். சான்றிதழ் தொலைந்துபோன 316 தகட்டுக்கு வணிகர் 304-இன் விலையைத்தான் பேசுவார். சிலர் பழைய இரும்பு விலைக்கே கேட்பார்கள். நான்கு அடிக்கு எட்டு அடி அளவில் 1.5 மில்லிமீட்டர் தகடு ஒன்று சுமார் 35 கிலோ எடை. கிலோவுக்கு 2 வெள்ளி என்று காராங்குனிக்காரரிடம் போட்டால் 70 வெள்ளிதான் தேறும். 155-க்கும் 70-க்கும் இடையே நிற்பது ஒரு தாள்.

இரண்டாவது வழி, வேறு வேலையில் பயன்படுத்துவது. பட்டறையின் கையில் ஏற்கெனவே உறுதியான வேறொரு வேலை உண்டு: பள்ளி உணவகம் ஒன்றுக்கான பரிமாறும் மேசைகள். அதற்கு 1.5 மில்லிமீட்டர் தடிப்பில் 304 வகைத் தகடு 12 வேண்டும். விலை தலா 170 வெள்ளி. 316 உயர்ந்த வகை என்பதால் 304-இன் இடத்தில் அதைத் தாராளமாக வைக்கலாம், ஆனால் 316 கேட்ட இடத்தில் 304-ஐ வைக்க முடியாது. பள்ளி வேலைக்கு மயிரிழைக் கோடுகள் போன்ற மெருகு வேண்டும். கிடங்கில் உள்ள 316 வெறும் ஆலை மெருகோடு இருப்பதால், வெளியே அனுப்பி மெருகேற்றத் தகடு ஒன்றுக்கு 15 வெள்ளி ஆகும். எனவே ஒரு தகடு அங்கே மிச்சப்படுத்துவது 170-இல் 15 போக 155 வெள்ளி.

இங்கே இரண்டு பிழைகள் அடிக்கடி நேர்கின்றன. ஒன்று, மாற்றுப் பயனின் மதிப்பை 316-இன் விலையான 290 என்று எடுத்துக்கொள்வது. பள்ளி வேலைக்கு 316 வேண்டியதில்லை. அங்கே தவிர்க்கப்படுவது 304-இன் விலை மட்டுமே. மற்றொன்று, பள்ளி வேலையின் முழு இலாபத்தையும் இந்தத் தகட்டின் தலையில் ஏற்றுவது. 316 கிடைக்காவிட்டாலும் 304-ஐ வாங்கிப் பள்ளி வேலை நடந்தே தீரும். அதன் இலாபம் இந்தத் தகட்டால் வந்ததன்று.

இப்போது ஒப்பிடலாம். விற்றால் கையில் நிற்பது, 8 தகடுகளை ஒரே லாரியில் ஏற்றினால், தகடு ஒன்றுக்குச் சராசரியாக 140 வெள்ளி. பள்ளி வேலையில் பயன்படுத்தினால் 155. இரண்டில் கூடியதை எடுக்க வேண்டும் என்பது விதி. அதைக் கேட்டதும் பலர் 16 தகடுகளையும் 155-ஆல் பெருக்கி 2,480 வெள்ளி என்று எழுதிவிடுவார்கள். அது தவறு, ஏனென்றால் பள்ளி வேலை 12 தகடுகளைத்தான் உட்கொள்ளும்.

ஆகவே தகடு வாரியாகப் பேசுவதை விட்டுவிட்டு, முழு இருப்பையும் இரண்டு நிலைகளில் வைத்துப் பார்ப்பது நல்லது. கடலுணவு வேலையை மறுத்தால் 20 தகடுகளில் 12 பள்ளி வேலைக்குப் போய் 1,860 வெள்ளியை மிச்சப்படுத்தும். மீதி 8 விற்கப்பட்டு, லாரிக் கூலி போக 1,120 வெள்ளியைத் தரும். மொத்தம் 2,980. வேலையை ஏற்றால் 16 தகடுகள் அதில் போக, மிஞ்சும் 4 தகடுகள் பள்ளி வேலையில் 620 வெள்ளியை மிச்சப்படுத்தும். விற்பனைக்கு எதுவும் இருக்காது, லாரியும் தேவையில்லை. இரண்டு நிலைகளுக்கும் இடையிலான வேறுபாடு 2,360 வெள்ளி. இந்த 16 தகடுகளின் செலவு அதுவே.

இதை வேறு விதமாகவும் புரிந்துகொள்ளலாம். புதிய வேலை முதலில் பறிப்பது மலிவான பயனை, அதாவது விற்பனைக்குப் போகவிருந்த 8 தகடுகளை. அவை தீர்ந்த பிறகே பள்ளி வேலைக்குப் போகவிருந்தவற்றில் கை வைக்கிறது. எட்டு முறை 140, எட்டு முறை 155. கூட்டினால் அதே 2,360.

மூன்று மதிப்புகளுக்கும் இடையிலான உறவில் மறுகொள்முதல் செலவுக்கு இன்னொரு வேலையும் உண்டு: அது உச்சவரம்பாக நிற்கிறது. மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் வேலைக்கு இதே 316 தகடு உண்மையாகவே வேண்டும், அங்கே ஒவ்வொரு தகடும் மற்றச் செலவுகள் போக 400 வெள்ளியை ஈட்டித் தரும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது கடலுணவு வேலைக்குத் தகடு ஒன்றுக்கு 400 என்று விலை வைக்க வேண்டுமா? சந்தையில் 290-க்கு 316 கிடைக்கும்வரை வேண்டியதில்லை. இருப்பில் உள்ளதை இங்கே பயன்படுத்திவிட்டு, மருந்துத் தொழிற்சாலைக்குப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். இழப்பு 290 மட்டுமே. ஆனால் அந்தத் தடிப்பில் உள்ளூர் விநியோகிப்பாளர் யாரிடமும் தகடு இல்லை, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், அதற்குள் மருந்துத் தொழிற்சாலையின் கெடு முடிந்துவிடும் என்றால் உச்சவரம்பு உடைந்துபோகிறது. வாங்க முடியாத பொருளுக்கு மறுகொள்முதல் செலவு என்று ஒன்று இல்லை. அப்போது 400-தான் செலவு. விலைப்பட்டியலில் ஒரு விலை அச்சிடப்பட்டிருக்கிறது என்பதற்காக அந்தப் பொருள் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்வது, இந்தக் கணக்கில் நேரும் மிக விலையுயர்ந்த பிழைகளில் ஒன்று. விநியோகிப்பாளரிடம் விலையோடு வந்து சேரும் நாளையும் எழுத்தில் கேட்டு வாங்கினால் அதைத் தவிர்க்கலாம்.

மாற்றுப் பயன் உறுதியானதா என்பதையும் கண்டிப்போடு பார்க்க வேண்டும். “எப்போதாவது ஒரு வேலைக்கு உதவும்” என்று கிடங்குப் பொறுப்பாளர் சொல்வது மாற்றுப் பயன் ஆகாது. ஒரு வேலையின் பெயர், தேவைப்படும் தகடுகளின் எண்ணிக்கை, தேவைப்படும் மாதம் ஆகிய மூன்றையும் சொல்ல முடிந்தால் அது மாற்றுப் பயன். முடியாவிட்டால் மறுவிற்பனை மதிப்பையே எடுத்துக்கொள்ளலாம். இதற்குக் கிடங்கின் வெளியீட்டுப் பதிவே சாட்சி: கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஒரு தகடுகூட வெளியேறவில்லை என்றால், அந்தப் பொருளை “வழக்கமாகப் பயன்படுவது” என்று யாரும் வாதிட முடியாது.

செலவே எதிர்மறையாகும் பசை

6 டின் பசை, தலா 55 வெள்ளிக்கு வாங்கியது. ஏட்டில் 330 வெள்ளி. இன்று வாங்கினால் ஒரு டின் 60 வெள்ளி. ஆனால் பட்டறை இப்போது வேறு வகைப் பசைக்கு மாறிவிட்டதால் இதை மீண்டும் வாங்காது. காலாவதிக்கு நெருங்கிய இரசாயனத்தை வாங்க ஆளும் இல்லை. அப்படியானால் செலவு பூச்சியமா? அதுவும் அன்று. இத்தகைய கரைப்பான் கலந்த கழிவைக் குப்பைத் தொட்டியில் போட முடியாது. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்ற நச்சுத் தொழிற்கழிவுச் சேகரிப்பாளரிடம் பணம் கொடுத்து ஒப்படைக்க வேண்டும். அவர் கேட்பது 240 வெள்ளி. கடலுணவு வேலையில் மேசைகளின் அடிப்பலகையை ஒட்ட இந்தப் பசை உதவும். ஆறு டின்களும் தீர்ந்துவிட்டால் அந்த 240 வெள்ளி மிச்சம். எனவே இந்த வேலைக்குப் பசையின் செலவு கழித்தல் 240.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சேகரிப்பாளர் 240 வெள்ளியைக் கேட்பது ஒரு முறை வந்து போவதற்கான குறைந்தபட்சக் கட்டணமாக இருந்தால், நான்கு டின்னைப் பயன்படுத்தி இரண்டை மிச்சம் வைத்தால் எதுவும் மிச்சமாகாது. அவர் எப்படியும் வருவார், அதே தொகையைக் கேட்பார். 240-ஐ ஆறால் வகுத்து டின்னுக்கு 40 வெள்ளி மிச்சம் என்று எழுதும் கணக்கு, கடைசி டின் தீரும் வரையில் பொய்.

நான்கு கணக்குகள், நான்கு முடிவுகள்

பொருள்களைத் தவிர, பற்றவைப்பாளர்களின் கூடுதல் நேர ஊதியம், வாயு, மெருகு, பொருத்தும் கூலி, போக்குவரத்து என்று இந்த வேலையால் மட்டுமே வரும் மற்றச் செலவு 5,900 வெள்ளி. இப்போது ஒரே வேலையை நான்கு விதமாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

| கணக்கிடும் முறை | 304 | 316 | பசை | பொருள் மொத்தம் | மற்றச் செலவோடு | 13,200 வெள்ளிக்கு ஏற்றால் |
|---|---|---|---|---|---|---|
| வாங்கிய விலை | 3,540 | 4,160 | 330 | 8,030 | 13,930 | 730 நட்டம் |
| எல்லாவற்றுக்கும் மறுகொள்முதல் | 4,080 | 4,640 | 360 | 9,080 | 14,980 | 1,780 நட்டம் |
| எல்லாவற்றுக்கும் மறுவிற்பனை | 3,000 | 2,240 | 0 | 5,240 | 11,140 | 2,060 ஆதாயம் |
| ஒவ்வொன்றுக்கும் உரியது | 4,080 | 2,360 | −240 | 6,200 | 12,100 | 1,100 ஆதாயம் |

முதல் இரண்டு முறைகள் 1,100 வெள்ளி ஆதாயம் தரும் வேலையைத் தள்ளிவிடச் சொல்கின்றன. மூன்றாவது முறை ஏற்கச் சொல்வது சரிதான், ஆனால் தற்செயலாகச் சரி. வாடிக்கையாளர் 11,500 வெள்ளி என்று பேரம் பேசியிருந்தால், அதே முறை 360 வெள்ளி ஆதாயம் என்று சொல்லி ஏற்க வைத்திருக்கும். உண்மையில் பட்டறைக்கு 600 வெள்ளி குறைந்திருக்கும். ஒரு முறை கூட்டிச் சொல்கிறது, இன்னொன்று குறைத்துச் சொல்கிறது, ஆகவே சராசரியாகச் சரியாகிவிடும் என்று எண்ணுவதற்கு இங்கே இடமில்லை. பிழையின் அளவு, அந்த வேலையில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

12,100 வெள்ளி என்பது விற்க வேண்டிய விலை அன்று. அதற்குக் கீழே போகக் கூடாத விலை. 13,200-க்கு மேல் கேட்க முடிந்தால் கேட்க வேண்டியதுதான். வாடகையும் நிரந்தர ஊழியர் சம்பளமும் இந்த வேலையால் மாறாதவை என்பதால் 5,900-இல் அவை சேர்க்கப்படவில்லை. கிடங்கில் இடம் காலியாவதையும் நான் சேர்க்கவில்லை. சிங்கப்பூரில் இடம் விலை மிகுந்தது என்பது உண்மைதான். ஆனால் 16 தகடுகள் போனதால் யாரும் வாடகையைக் குறைக்கப் போவதில்லை. வெளியே வாடகைக்கு எடுத்த சேமிப்பு அறை ஒன்றைத் திருப்பிக் கொடுக்க முடிகிறது என்றால் மட்டுமே அது கணக்கில் வரும்.

ஏடு வேறு கதை சொல்லும்போது

“260-க்கு வாங்கியதை 150-க்கும் குறைவாகக் கணக்குப் போட்டால், அந்த நட்டத்தை எங்கே போய் ஈடுகட்டுவது?” என்று முதலாளி கேட்பது நியாயமான கேள்வி. அந்த நட்டம் இந்த வேலையில் உண்டாகவில்லை. முந்திய வாடிக்கையாளர் வேலையை இரத்து செய்த நாளில் உண்டாகிவிட்டது. அவரிடம் முன்பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தால் ஈடுகட்டியிருக்கலாம். இப்போது வந்திருப்பவர் அதற்குப் பொறுப்பாளி அல்லர். அவரிடம் அதை வசூலிக்க முயன்றால் அவர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடுவார். பிறகு தகடுகள் விற்பனைக்கும் பள்ளி வேலைக்கும்தான் போகும்.

நிதி அறிக்கைத் தரநிலையும் இதற்கு முரணாக இல்லை. இருப்பை வாங்கிய செலவிலோ, விற்றால் கையில் நிற்கக்கூடிய நிகரத் தொகையிலோ, எது குறைவோ அதில்தான் காட்ட வேண்டும் என்று அது கேட்கிறது. வேலை இரத்தான ஆண்டிலேயே 316 தகடுகளின் மதிப்பைக் குறைத்து எழுதியிருந்தால், இன்று ஏட்டில் 260 என்ற எண்ணே இருந்திருக்காது. ஆனால் குறைத்து எழுதப்பட்ட எண்ணும் முடிவுக்கான எண் அன்று என்பதை மறக்கக் கூடாது. அது அறிக்கை நாளில் செய்த மதிப்பீடு. பள்ளி வேலை வந்ததும் நிலவரம் மாறிவிட்டது. அதை ஏடு அறியாது.

நடைமுறையில் இது மென்பொருளில் போய் முட்டுகிறது. வேலைக் கணக்கு மென்பொருள் பெரும்பாலும் சராசரி விலையிலோ முதலில் வந்த சரக்கின் விலையிலோ பொருளை வேலைக்கு ஏற்றும். வேலை முடிந்ததும் அறிக்கை 730 வெள்ளி நட்டம் என்று காட்டும். வேலை வாரியான இலாபத்தில் ஊக்கத்தொகை பெறும் மேலாளர் இருந்தால், அடுத்த முறை அவர் இப்படிப்பட்ட வேலையை ஏற்கவே மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. விலைப்புள்ளி போட்ட அன்றே பொருள் ஒவ்வொன்றுக்கும் எந்த மதிப்பு, ஏன் எடுக்கப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி முதலாளி கையெழுத்திட்டு வைப்பது நல்லது. மேலாளரின் செயல்பாட்டை அந்தத் தாளோடு ஒப்பிட வேண்டும், மென்பொருள் தரும் எண்ணோடு அன்று.

அளவு மாறினால்

கடைசியாக, வாடிக்கையாளர் மனம் மாறி, இன்னும் இரண்டு தொட்டிகளைச் சேர்த்து, 316 தகடு 26 வேண்டும் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மற்றப் பொருள்கள் எவ்வளவு கூடுகின்றன என்பதை இங்கே விட்டுவிடலாம். இருப்பில் உள்ள 20-உம் இதற்கே போய்விடும்; அவற்றால் இழப்பது முன்பு பார்த்த 2,980 வெள்ளி. மீதி 6 தகடுகளைப் புதிதாக, தலா 290-க்கு, வாங்க வேண்டும்; 1,740 வெள்ளி. மொத்தம் 4,720. தகடு ஒன்றுக்குச் சராசரி சுமார் 182 வெள்ளி. 16 தகடுகள் கேட்டபோது அது சுமார் 148-ஆக இருந்தது. ஒரே பொருளுக்கு ஒரே வேலையில் மூன்று விலைகளும் இங்கே செல்லுபடியாகின்றன: முதல் எட்டுக்கு விற்பனையில் கைக்கு வரும் தொகை, அடுத்த பன்னிரண்டுக்குப் பள்ளி வேலையின் மிச்சம், கடைசி ஆறுக்குக் கடை விலை.

அதிகம் வாங்குகிறேன், விலையைக் குறையுங்கள் என்று வாடிக்கையாளர் கேட்பது வழக்கம். ஆனால் இருப்பைத் தீர்க்கும் வேலையில் அளவு கூடக்கூடத் தகடு ஒன்றின் செலவு ஏறிக்கொண்டேதான் போகும். எனவே அந்தக் கூடுதல் இரண்டு தொட்டிகளுக்கான விலைப்புள்ளியைத் தனியாகப் போட வேண்டும். அதில் வரும் 10 தகடுகளில் நான்கு தலா 155-க்கும் ஆறு தலா 290-க்கும், ஆக 2,360 வெள்ளிக்குக் கணக்கிடப்பட வேண்டும். முதலில் கேட்ட 16 தகடுகளுக்கு ஆன அதே தொகை இப்போது 10 தகடுகளுக்கே ஆகிறது.